மச்சுக் கதவை நான்தான் சாத்தினேன்

என் மனைவி எங்கள் வீட்டு மச்சில் அடைபட்டுக் கிடந்த கதை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மச்சுக் கதவின் ஸ்பிரிங் பழுதாகிக் கதவு தானாக மூடிக்கொண்டது என்று அவர்கள் சொல்வார்கள். அந்தக் கதையைச் சொன்னவன் நான். அது பொய். கதவு தானாக மூடவில்லை. ஏணியை மடித்தவனும், கதவை மேலே தள்ளியவனும், கொக்கிக் கம்பால் தாழைத் திருப்பியவனும் நான்தான். எனக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிய அக்கம்பக்கத்தாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

அருப்புக்கோட்டையில் நாங்கள் இருப்பது சின்ன வீடு. ஒரு கூடம், ஓர் அறை, அடுப்படி. மேலே சீமை ஓடு. ஓட்டுக்கும் கூடத்துக்கும் நடுவில் பலகை அடித்த மச்சு. பலகைக்கு மேலே நிமிர்ந்து நிற்க முடியாது, குனிந்துதான் நடமாட வேண்டும். பக்கத்துச் சுவரை ஒட்டி விசைத்தறிக் கொட்டகை. காலையிலிருந்து ராத்திரி வரை தறிச்சத்தம். கரண்ட் போனால்தான் எங்கள் காது எங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.

பரளச்சிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருக்கிறது. அதை வாரத்துக்கு, விளைச்சலில் பங்கு என்ற கணக்கில், பயிர் செய்கிறவர் ஒவ்வொரு வருடமும் மிளகாய் வற்றல் மூட்டை கொண்டுவந்து போடுவார். வீட்டில் வேறு இடம் இல்லை. மூட்டைகள் மச்சுக்குத்தான் போகும். வீட்டுக்கு, மகன் வீட்டுக்கு, என் தங்கை வீட்டுக்கு என்று வருடம் முழுக்கப் பொடிக்கு அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். முன்பு மூங்கில் ஏணி இருந்தது. சிமெண்டுத் தரையில் அதன் கால் ஒரு தடவை வழுக்கியது. என் மனைவி மச்சு விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். அதைக் கேள்விப்பட்ட மகன் கோயம்புத்தூரிலிருந்தே ஏற்பாடு செய்து, மதுரையிலிருந்து ஆளை அனுப்பி, மடக்கு ஏணி மாட்டிக் கொடுத்தான்.

நல்ல சாமான்தான். மச்சின் இரண்டு உத்தரக் கட்டைகளுக்கு நடுவே பலகையை அறுத்து, அந்த ஓட்டையில் ஒரு மரச்சட்டத்தைப் பொருத்தினார்கள். ஆணி அடிக்கவில்லை. நீளமான திருகாணியால் சட்டத்தை உத்தரத்தோடு முறுக்கினார்கள். சட்டத்தில் ஒரு பக்கம் கீல் வைத்த கதவு. கதவின் முதுகில் மூன்று துண்டாக மடியும் அலுமினிய ஏணி. கொக்கிக் கம்பைக் கதவில் இருக்கும் வளையத்தில் மாட்டித் திருப்பினால் தாழ் விலகும். மெல்ல இழுத்தால் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் இழுபட்டுக் கதவு சாய்ந்து இறங்கும். ஏணித் துண்டுகளை ஒவ்வொன்றாக விரித்துத் தரையில் நிறுத்த வேண்டும். ஏணியின் கால் தரையில் முழுசாக உட்கார்ந்து, துண்டுகள் சேரும் இடத்தில் சந்து இல்லாமல் இருக்கும்படி அந்த ஆள் காலை அறுத்து, அடியில் ரப்பர் மாட்டிவிட்டுப் போனார். மேலே போகும்போது ஏணி ஆடவே இல்லை. திரும்ப மடித்து, கதவைத் தூக்கிவிட்டால் மீதித் தூரத்தை ஸ்பிரிங்கே இழுத்துக்கொள்ளும். அப்புறம் தாழைத் திருப்ப வேண்டும். தாழ் கீழ்ப்பக்கம் மட்டும்தான். மச்சுக்குள் இருந்து அதைத் தொட முடியாது.

எங்கள் சண்டை அந்தக் கதவால் வந்தது.

மூங்கில் ஏணி இருந்த காலத்தில் மச்சுக்கு ஒரு பலகை மூடிதான். இப்போது கதவை இறக்கினால் கூடத்தின் நடுவில் பெரிய வாய் திறந்துகொள்ளும். வெயில் ஏறிய ஓட்டின் சூடும் வற்றல் நெடியும் அப்படியே கீழே இறங்கும். எனக்குத் தும்மல் பிடித்தால் நிற்காது. அவளோ மச்சைத் திறந்தே போடுவாள்.

“கதவச் சாத்துன்னு எத்தன தடவ சொல்றது? நெடி மண்டையப் பொளக்குது,” என்பேன்.

“காத்தாடலைன்னா வத்தல்ல பூசணம் பிடிச்சிரும். வெவசாயத்துல பெரிய ஆபீசரா இருந்தவுகளுக்கு இதுகூடத் தெரியாதாக்கும்?”

“தும்மித் தும்மிச் சாகுறேன்டீ இங்க.”

“தும்முனா யாரும் சாக மாட்டாக. சும்மா கெடங்க.”

இப்படியே போய், வைகாசி மாதம் ஒரு நாள் வார்த்தை முற்றியது. நான் அவள் பிறந்த வீட்டை இழுத்துவிட்டேன். அதற்குப் பிறகு பேச்சு நின்றது. எங்கள் வீட்டில் இது புதிதல்ல. நாற்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து இருக்கிறவர்கள் நாங்கள். பேசாமல் குடித்தனம் நடத்துவதற்கு எங்களுக்கென்று ஒரு முறை இருந்தது. சோறு ஆயிற்று என்றால் தட்டைத் தரையில் கொஞ்சம் பலமாக வைப்பாள். நான் வெளியே போகிறேன் என்றால் சாவிக்கொத்தை ஆட்டுவேன். யார் முதலில் வாய் திறக்கிறார்களோ அவர்கள் தோற்றவர்கள். அதில் நான் தோற்றதே இல்லை என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

சில நாள் கழித்து நான் மதுரைக்குக் கண் பரிசோதனைக்குப் போக வேண்டியிருந்தது. குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். ஏணி விரிந்து கிடந்தது. மச்சுக் கதவு ஆவென்று திறந்திருந்தது. நெடி வந்தது. அடுப்படியில் அவள் இல்லை. கடைக்குப் போயிருப்பாள், போகும்போது என்னை வம்புக்கு இழுக்கவே இதைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். மேலே எட்டிப் பார்க்கவில்லை. யாராவது இருக்கிறீர்களா என்று ஒரு குரல் கொடுக்கவில்லை. குரல் கொடுத்தால் நான்தானே முதலில் பேசியதாக ஆகும்.

ஏணியை மடித்தேன். கதவைத் தள்ளினேன். தாழைத் திருப்பினேன். ஆத்திரத்தில் கொஞ்சம் வேகமாகவே திருப்பினேன். வீட்டைப் பூட்டினேன். அவளிடம் இன்னொரு சாவி உண்டு. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஊரைத் தாண்டி, கருவேலங்காடு தொடங்கும் இடத்தில், காலில் மண் ஏதோ உறுத்துகிறது என்று செருப்பைக் கழற்றினேன். அப்போதுதான் வாசற்படி கண் முன்னால் வந்தது. என் செருப்பைத் தேடும்போது அதன் பக்கத்தில் அவளுடைய செருப்பு கிடந்தது. நீல வார் செருப்பு. அதைக் காலால் ஒதுக்கிவிட்டுத்தான் என்னுடையதை மாட்டினேன்.

அவள் செருப்பில்லாமல் தெருவில் இறங்க மாட்டாள். குதிகாலில் வெடிப்பு.

ஓட்டுக்கு அடியில் அந்த மாதத்தில் என்ன சூடு இருக்கும் என்று எனக்குத் தெரியும். மூட்டையைத் தூக்கி வைக்கப் போய், பாதியில் இறங்கி ஓடி வந்தவன் நான். அதுவும் காற்று வர மச்சு வாய் திறந்திருந்தபோது. இப்போது அதை நானே அடைத்திருக்கிறேன். மேற்குச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காற்றுத்துளை. அதுவும் தறிக்கொட்டகையைப் பார்த்திருக்கும்.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் என்னால் மன்னிக்க முடியாதது. உடனே யாரையும் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டுக்கு வெறுங்காலோடு போயிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் செல்லுக்கு அடித்தால் எடுத்து, “தோத்துட்டீகளா?” என்று கேட்பாளோ என்று யோசித்தேன். பக்கத்து வீட்டாருக்கு அடித்தால் என்ன சொல்வது, பெண்டாட்டியை மச்சில் வைத்துப் பூட்டிவிட்டேன் என்றா? அந்த யோசனையிலேயே பஸ் பாதித் தூரம் ஓடிவிட்டது. என் உயிராக இருந்திருந்தால் அப்படி யோசித்திருப்பேனா, தெரியவில்லை.

கடைசியில் அவளுக்கு அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது. திரும்ப அடித்தேன். செல்லை அவள் எப்போதும் டிவி மேசையில்தான் வைப்பாள்.

காரியாபட்டியில் இறங்கினேன். ஸ்டாண்டில் திரும்பிப் போக பஸ் இல்லை. வெளியே நின்ற ஆட்டோக்காரரிடம் அருப்புக்கோட்டை என்றேன்.

“அவ்வளவு தூரம் ஷேர் ஆட்டோ போகாதுங்கய்யா.”

“தனியா வாங்க. என் வீட்டுக்காரி உசுருக்குப் போராடிக்கிட்டிருக்கா.”

அவர் உடனே வண்டியை எடுத்தார். அப்படி வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அது எனக்கே உண்மையாயிற்று.

பக்கத்துத் தறிக்காரருக்கு அடித்தேன். தறிச்சத்தத்தில் அவருக்கு எங்கே கேட்கப்போகிறது. விடாமல் அடித்தேன். ஒரு வழியாக எடுத்தார்.

“சொல்லுங்கண்ணாச்சி! கேக்கல, இருங்க, வெளிய வாரேன்!”

“ஒங்க மதினி அங்க வந்தாளா?”

“இல்லையே. ஏன்?”

“மச்சுல மாட்டிக்கிட்டா. வாசக் கதவு பூட்டிருக்கு. பூட்ட ஒடைங்க.”

“என்னண்ணாச்சி சொல்றீக?”

“ஒடைங்கய்யா!”

போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அவர் ஆட்களைச் சத்தம் போட்டுக் கூப்பிடுவதும், தறிகள் ஒவ்வொன்றாக நிற்பதும், கடப்பாரை இரும்பில் படுவதும் கேட்டது. ஆட்டோ குண்டுகுழியில் குதித்தது. இரண்டு பக்கமும் கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. எதைப் பார்த்தாலும் வெயிலாகவே தெரிந்தது.

“உள்ள வந்துட்டோம். இந்தக் கம்பு தான? வளையத்துல மாட்டியாச்சு. திரும்ப மாட்டேங்குது அண்ணாச்சி.”

“எந்தப் பக்கம் திருப்புறீக?”

“ரெண்டு பக்கமும் பாத்தாச்சு. இறுகிப்போய்க் கெடக்கு.”

அந்தத் தாழ் ஒரு நாளும் இறுகியதில்லை. விரலால் திருப்பினாலே வரும். அது இறுக ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். கதவின் மேல் பாரம் இருக்கிறது. பாரம் கதவை அழுத்துகிறது, கதவு தாழை அழுத்துகிறது.

“கதவ மேல தள்ளிப் பிடிச்சுக்கிட்டுத் திருப்பிப் பாக்கட்டா?” என்று கேட்டார்.

“தொடாதீக!” என்று கத்தினேன். ஆட்டோக்காரர் பிரேக் போட்டுவிட்டார். “தொடாதீக. அவ கதவு மேல கெடக்கா. தாழ் விலகுச்சுன்னா அம்புட்டும் கீழ வந்துரும்.”

அந்த ஸ்பிரிங் கதவையும் ஏணியையும் தாங்கத்தான் கணக்குப் பண்ணி வைத்தது. அதன் மேல் ஓர் ஆள் கிடந்தால் தாங்காது. தாழ் விலகிய மறு நொடி கதவு அறுந்த மாதிரி இறங்கும். ஏணியும் அவளும் சிமெண்டுத் தரையில் வந்து விழுவார்கள். கீழே நிற்கிறவர்கள் தலையில் விழுவார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் நினைவில்லாமல் கிடப்பதை நான் கண்ணால் பார்ப்பதுபோல் பார்த்தேன். முகம் கீழாக, மடித்த ஏணியின் படிகளில் கன்னம் பதிந்து கிடந்தாள்.

“அப்ப என்ன செய்ய?”

“ஓட்டப் பிரிங்க. மேல ஏறி ஓட்டப் பிரிங்க. காத்துப் போகட்டும்.”

“மதினீ! மதினீ!” என்று அவர் மச்சைப் பார்த்துக் கூப்பிட்டார். நானும் கேட்டேன். தறிகள் நின்றிருந்தன. பதில் இல்லை.

பிறகு ஓட்டில் ஆட்கள் ஏறும் சத்தம், ஓடு உடையும் சத்தம், யாரோ இருமுவது. “நெடிடா, மூஞ்சியக் கட்டுலே!” என்று ஒருவன் கத்தினான். அத்தோடு என் செல் அணைந்துவிட்டது. சார்ஜ் தீர்ந்திருந்தது.

மீதித் தூரத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று எழுதத் தெரியவில்லை. சாமி பெயர் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அவள் பிறந்த வீட்டைப் பற்றி நான் சொன்ன வார்த்தைதான் திரும்பத் திரும்ப வந்தது. அவளிடம் நான் கடைசியாகச் சொன்னது அதுவாக இருந்துவிடுமோ என்று நினைத்தபோது ஆட்டோ கம்பியில் தலையை முட்டிக்கொண்டேன்.

தெருவே எங்கள் வாசலில் நின்றது. கூரையில் ஒரு ஆள் அகலத்துக்கு ஓடு இல்லை. கூடத்தில் பாயில் அவளைக் கிடத்தி, ஈரத்துண்டால் கை கால்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. உதடு வெடித்திருந்தது. கண் பாதி திறந்து எதையும் பார்க்காமல் இருந்தது. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். இறங்கியது. திரும்ப ஏறும் வரை நான் மூச்சு விடவில்லை.

அவள் கதவின் மேல் கிடக்கவில்லை. அதன் மேல் இருந்தவை மிளகாய் மூட்டைகள். பாரம் ஏற்றினால் கதவு திறந்துகொள்ளும் என்று இழுத்துப் போட்டிருக்கிறாள். பாரம் ஏற ஏற தாழ் இறுகியதுதான் மிச்சம். இழுத்ததில் சாக்கு கிழிந்து தூள் பறந்திருக்கிறது. அப்புறம் மேற்குச் சுவர்த் துளைக்குத் தவழ்ந்துபோய் அதில் வாயை வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். அந்தப் பக்கம் தறி ஓடியது.

அரசு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

“ஸ்பிரிங் கோளாறு. கதவு தானா மூடிக்கிருச்சு,” என்றேன்.

யோசிக்காமலே வந்துவிட்டது. விரித்து நிறுத்திய ஏணி தானாக மடியாது, தாழ் தானாகத் திரும்பாது என்று அந்தத் தறிக்காரருக்குத் தோன்றியிருக்கும். என்மேல் உள்ள மரியாதையில் கேட்கவில்லை. கட்டிலில் அவள் கண் மூடியிருந்தது. அன்று ராத்திரி மகன் போனில் ஏணி மாட்டியவரை வாய்க்கு வந்தபடி திட்டினான். அதையும் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். குரல் இன்னும் அவளுக்குச் சரியாக வரவில்லை. கஞ்சி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

“கதவு தானா மூடல. நாந்தான் சாத்துனேன்.”

“தெரியும்.”

“எப்படி?”

“ஏணிய மடிக்கிற சத்தம் எனக்குக் கேக்காதா? அந்த மடக்கு மடக்குன்னு வர்ற சத்தம்.”

“அப்ப ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல?”

அவள் கஞ்சிக் கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள்.

“குடுக்கல. மூட்டைக்குப் பின்னால உக்காந்து வத்தல் ஆஞ்சுக்கிட்டிருந்தேன். மூடட்டும், எப்பிடியும் அவுகளே தெறந்து, மேல இருக்கியான்னு கேக்கத்தான வேணும், நம்ம ஏன் மொதல்ல பேசணும்னு இருந்துட்டேன். வாசக் கதவ இழுத்துப் பூட்டுனது பலகையில அதிர்ந்துச்சு பாருங்க, அப்பத்தான் பயந்தேன். அதுக்கப்புறம் கத்துனது தறிச்சத்தத்துல ஒங்களுக்குக் கேக்கல.”

அதைக் கேட்டதும் எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். பிழையில் பாதி அவளுடையது என்று ஆகிறதே. ஆறுதல் வரவில்லை. ஒரு பலகைக்கு மேலேயும் கீழேயும் இரண்டு பேர் இருந்திருக்கிறோம். ஒருவர் சத்தம் இன்னொருவருக்குக் கேட்கும் தூரம். இருவரும் வாயைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறோம். அதை நினைத்தால் ஆட்டோவில் பட்டதைவிடப் பயமாக இருக்கிறது.

மகனிடம் உண்மையைச் சொன்னேன். ஏணி மாட்டியவரிடம் நானே பேசி மன்னிப்புக் கேட்டேன். அவர் வந்து, மச்சுக்குள்ளிருந்தும் இழுத்துத் திறக்கும்படி தாழை மாற்றிக் கொடுத்தார். மூட்டைகள் இப்போது அறையின் மூலையில் கிடக்கின்றன. நான் தும்முகிறேன்.

வீட்டைப் பூட்டும் முன் ஒவ்வொரு இடமாகக் குரல் கொடுக்கிறேன். அடுப்படி, அறை, கொல்லை, மச்சு. “இந்தா இருக்கேன், ஏன் ஊரக் கூட்டுறீக?” என்று எங்கிருந்தாவது பதில் வரும். தெருவில் போகிறவர்கள் சிரிப்பார்கள். போன வாரம் ஒரு நாள் கூப்பிட்டேன், பதில் வரவில்லை. திரும்பக் கூப்பிட்டேன். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாசற்படியிலேயே நின்றேன், உள்ளே போய்ப் பார்க்கவே பயமாக இருந்தது.

கடைசியில் போய்ப் பார்த்தால், அவள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காதில் விழவில்லையாம்.